யாருடைய சம்பள நாள்?

உங்க வீட்டுல பேப்பரோட சேர்ந்து வர்ற சூப்பர் மார்க்கெட் நோட்டீஸை முழுசா படிச்சிருக்கீங்களா? பெரும்பாலும் யாரும் படிக்க மாட்டோம். சர்க்கரை என்ன விலைன்னு ஒரு பார்வை பார்த்துட்டு, அதுலயே தேங்காய் துருவிக் கொட்டிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். போன வருஷம் சாயங்கால வேலைக்கு ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சேர்ந்தப்புறம் அந்த நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியதாகிவிட்டது. திருப்பூரில் ஓரளவு பெரிய கடை, வெளியூரில் தலைமை அலுவலகம் இருக்கும் சங்கிலிக் கடைகளில் ஒன்று. பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன் :-)

ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதி வாக்கில் தலைமை அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் மாதிரி வரும். அதில் எழுத்துப்பிழை பார்ப்பது என் வேலை. பி.காம். படிக்கிற பையனுக்கு இந்த வேலையை ஏன் கொடுத்தார்கள் என்றால், மற்ற யாருக்கும் கம்ப்யூட்டரில் தமிழ் டைப் பண்ண வராது. அவ்வளவுதான் என் தகுதி.

முதல் முறை வந்த மாதிரியில் தலைப்பு "மாதக் கடைசி மாபெரும் விற்பனை" என்று இருந்தது. ஆங்கிலத்தில் 'மந்த் எண்ட் சேல்' என்று யாரோ எழுதி, அதை யாரோ அப்படியே தமிழாக்கியிருக்கிறார்கள். இலக்கணப்படி ஒரு தப்பும் இல்லை. ஆனால் நம் வீடுகளில் 'மாசக் கடைசி' என்றால் என்ன அர்த்தம்? கையில் காசு இல்லை என்று அர்த்தம். "மாசக் கடைசிடா, ஒண்ணாம் தேதிக்கு மேல கேளு" என்று அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத பிள்ளை உண்டா? அந்த நோட்டீஸ் போன மாதத்தில் ஒரு பெரியவர் கவுண்டரில் வந்து, "ஏந்தம்பி, கடையை மூடப் போறீங்களா?" என்று நிஜமாகவே கேட்டார். மிச்சம் மீதியைத் தள்ளிவிடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்.

இந்தோனேசிய மொழியில் இதற்கு அழகான சொற்கள் உண்டு. சம்பளம் வந்த புதிதில் இருக்கிற நாட்களை 'தங்கால் மூடா', அதாவது இளம் தேதி என்பார்கள். மாசக் கடைசி நாட்கள் 'தங்கால் துவா', கிழட்டுத் தேதி. அங்கே கடைக்காரர்கள் சலுகைக்குப் பெயர் வைக்கும்போது சம்பளத்தைக் குறிக்கும் 'காஜியான்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்கிறார்கள். நம் நோட்டீஸிலும் அடுத்த மாதம் தலைப்பு மாறியது. "சம்பள நாள் கொண்டாட்டம்! 28 முதல் 5 வரை." தேதி அதேதான், பொருள் அதேதான், விலையும் ஏறக்குறைய அதேதான். ஆனால் கிழட்டுத் தேதி இளம் தேதி ஆகிவிட்டது.

இப்போது எனக்கு இருந்த பெரிய சந்தேகத்துக்கு வருகிறேன். சம்பளம் வந்த வாரத்தில் மக்கள் எப்படியும் மளிகை வாங்கத்தான் போகிறார்கள். அப்புறம் எதற்கு அந்த வாரத்தில் போய் விலையைக் குறைக்க வேண்டும்?

பிக் பஜார் கதையைப் பாருங்கள். 2006 ஜனவரி 26 அன்று 'சப்ஸே சஸ்தா தின்' என்று, அதாவது மிக மலிவான நாள் என்று, ஒரே நாள் சலுகை அறிவித்தார்கள். கூட்டம் தாங்காமல் சில ஊர்களில் கடையை இடையிலேயே மூட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு 'வாரத்தின் மிக மலிவான நாள்' என்று புதன்கிழமையைப் பிடித்தார்கள். இது புரிகிறது. புதன்கிழமை கடையில் ஈ ஓட்டுவார்கள், பள்ளத்தை நிரப்பக் கூட்டத்தைக் கூப்பிடுகிறார்கள். (பிக் பஜார் 2022இல் கைமாறிப் போனது வேறு கதை.) சம்பள நாள் சலுகையோ பள்ளத்தில் இல்லை, மேட்டின் உச்சியில் வைக்கப்படுகிறது. ஏற்கெனவே நிற்கிற வரிசைக்குத் தள்ளுபடி!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, கடை ரகசியம் ஒன்றும் இல்லை. நோட்டீஸில் இரண்டே சலுகை என்று வைப்போம். 1499 ரூபாய்க்கு மேல் வாங்கினால் சர்க்கரை ஒரு கிலோ 9 ரூபாய். துவரம் பருப்பு கிலோவுக்கு 20 ரூபாய் குறைவு. வழக்கமாக 1200 ரூபாய்க்கு வாங்குகிற ஒரு குடும்பம். கடைக்கு ரூபாய்க்கு 12 பைசா நிற்கிறது என்றால், சலுகையே இல்லாமல் 144 ரூபாய் லாபம். இப்போது 1499ஐத் தொடுவதற்காக அவர்கள் இன்னும் 300 ரூபாய்க்குச் சோப்பு, மசாலா, பிஸ்கட் என்று எடுக்கிறார்கள். இதில் கொஞ்சம் கூடவே நிற்கும், ரூபாய்க்கு 20 பைசா வைப்போம். அது 60 ரூபாய். மொத்தம் 204. இதில் 42 ரூபாய்க்கு வாங்கிய சர்க்கரையை 9க்குக் கொடுத்ததில் 33 போச்சு, இரண்டு கிலோ பருப்பில் 40 போச்சு. மீதி 131.

பாருங்க, சலுகை கொடுக்காமல் இருந்தால் 144, கொடுத்தால் 131! எப்படியும் வந்திருக்கக்கூடிய வாடிக்கையாளரிடம் கடைக்கு நஷ்டம்தான். கம்பெனிக்காரர்கள் சில பொருட்களின் தள்ளுபடியைத் தாங்களே ஏற்றுக்கொள்வார்கள் என்பதால் நடைமுறையில் கணக்கு இவ்வளவு மோசமாக இருக்காது. ஆனாலும் போக்கு இதுதான். அந்த லிஸ்ட் வேறு கடைக்குப் போகவிருந்தது என்றால் மட்டும் 131 என்பது முழுக்கப் புது லாபம்.

ஆக, நோட்டீஸின் வேலை 'வாங்க வைப்பது' இல்லை. மாத மளிகை லிஸ்ட் எந்தக் கடை வாசலில் இறங்கப் போகிறது என்பதைத் தீர்மானிப்பது. அதனால்தான் 1ஆம் தேதி இல்லாமல் 28ஆம் தேதி ஆரம்பிக்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் மாதத்தின் கடைசி வேலை நாளில் வரும். ஐ.டி. கம்பெனிகள் பலவற்றிலும் அப்படித்தான். பணம் அக்கவுண்டில் விழுகிற அன்று நோட்டீஸ் ஏற்கெனவே வீட்டில் இருக்க வேண்டும். தெருமுனை அண்ணாச்சி கடைக்கு லிஸ்ட் போவதற்கு ஒரு நாள் முன்னால் இவர்கள் முந்திக்கொள்ள வேண்டும். அண்ணாச்சியிடம் கணக்கு நோட்டு இருக்கிறது. கடன் வாங்கியவர் தீர்க்க வந்தே ஆக வேண்டும், தீர்க்க வந்தவர் அப்படியே அடுத்த மாதத்துக்கும் வாங்கிப் போவார். சூப்பர் மார்க்கெட்டில் நோட்டு கிடையாது. அதனால் அவர்கள் தேதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தத் தேதியை எப்படி மனசில் பதிய வைக்கிறார்கள் என்பதுதான் நோட்டீஸில் எனக்குப் பிடித்த இடம். ஒரே ஒரு 'உம்'! "இந்த மாதமும் உங்கள் லிஸ்டுடன் வாருங்கள்." 'இந்த மாதம்' என்றால் அது செய்தி. 'இந்த மாதமும்' என்றால் போன மாதமும் நீங்கள் வந்தீர்கள் என்று ஆகிவிடுகிறது, வராவிட்டாலும். கடை திறந்து இரண்டாவது மாத நோட்டீஸிலேயே இந்த 'உம்' வந்துவிட்டது என்று மேனேஜர் அண்ணன் சொன்னார். அடுத்தது 'உங்கள் லிஸ்ட்'. சர்க்கரைக்கு வாருங்கள் என்று சொல்லவில்லை, லிஸ்டோடு வாருங்கள் என்கிறார்கள். சர்க்கரைக்கு வருகிறவர் சர்க்கரை வாங்கிப் போய்விடுவார். லிஸ்டோடு வருகிறவர் கூடையை விட்டுவிட்டு டிராலி எடுப்பார்.

மூன்றாவது, '28 முதல் 5 வரை' என்பதில் மாதத்தின் பெயர் இருக்காது. நான் முதலில் இதைப் பிழை என்று நினைத்து 'ஆகஸ்ட் 28' என்று திருத்தி அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. மாதம் ஓரமாகச் சின்ன எழுத்தில் இருந்தால் போதுமாம். காரணத்தை யாரும் விளக்கவில்லை, ஆனால் நாலு நோட்டீஸை வரிசையாக வைத்துப் பார்த்தால் தானே புரிகிறது. நாலிலும் அதே இடத்தில் அதே அளவில் 28, 5. மாசம் மாறுகிறது, எண் மாறுவதே இல்லை. வீட்டில் அமாவாசை, கிருத்திகை நினைவில் இருப்பதைப் போல இதுவும் ஏறிவிடுகிறது.

ஏறிவிட்டது என்று எப்படித் தெரியும்? ஒரு மாதம் அச்சகத்தில் ஏதோ கோளாறு, நோட்டீஸ் 30ஆம் தேதிதான் வந்தது. ஆனால் 28ஆம் தேதி காலையிலேயே லிஸ்டோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். ரேக்கில் விலை அட்டை மாற்றவில்லை என்று பில் போடும் அக்காவிடம் சண்டை வேறு. நோட்டீஸைப் பார்க்காமலே வந்து நிற்கிறார்கள் என்றால் அது பழக்கம். கடைக்காரர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது என்று நினைத்தேன்.

மேனேஜர் அண்ணன் அப்படி நினைக்கவில்லை. "22ஆம் தேதியிலேருந்து 27 வரைக்கும் பில்லைப் பாரு தம்பி" என்றார். பார்த்தேன். அந்த ஆறு நாளும் பால், முட்டை, ரொட்டி. கால் கிலோ பருப்பு, நூறு கிராம் சீரகம். மூன்று நாள் பொறுத்தால் சலுகை என்று தெரிந்தவர்கள் பொறுக்கிறார்கள், அவ்வளவுதான். கடைக்கு வரச் சொல்லிக் கொடுத்த அதே வாக்கியம், கடைக்கு வராமல் இருக்கவும் சொல்லிக் கொடுத்துவிட்டது. அதனால் சலுகை வார விற்பனையை மட்டும் பார்த்து "சூப்பர்!" என்று தலைமை அலுவலகம் வாட்ஸப்பில் கைதட்டுவதில் அர்த்தம் இல்லை. பில்லில் வருகிற போன் நம்பரை வைத்து ஒரே குடும்பம் முழு மாதமும் எவ்வளவுக்கு வாங்கியது என்று கூட்ட வேண்டும். முதல் வாரத்தில் ஏறிய 300, மற்ற வாரங்களில் 300 இறங்கியிருந்தால் கடை விற்றதே ஒன்றும் இல்லை, வாங்கும் நாளை நகர்த்தியதுதான். சோப்புத் தூளை இரண்டு பாக்கெட் எடுத்தவர் 15ஆம் தேதி மறுபடி எடுக்க மாட்டார் அல்லவா? பிஸ்கட் மட்டும் விதிவிலக்கு. வீட்டில் எத்தனை பாக்கெட் இருந்தாலும் அது தீர்ந்துவிடும், எங்க வீட்டில் நானே சாட்சி.

இது வரைக்கும் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அம்மாதான் கெடுத்தார். எங்கள் தெருவுக்கும் நோட்டீஸ் போட்டிருந்தார்கள். நான் திருத்தியது என்ற பெருமையில் எடுத்துக் காட்டினேன். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "நமக்கேது கண்ணு இருவத்தெட்டு? நமக்கு சனிக்கெழமதான்" என்றார்.

திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் கவர் கையில் வரும், அன்று ராத்திரியும் ஞாயிறும் ஊரே கடைவீதியில் இருக்கும். அப்பா தையல் மெஷினில் இருபது வருஷமாக இருக்கிறார். எங்கள் வீட்டுக் காலண்டரில் 1ஆம் தேதிக்கு வாடகை கொடுக்கும் நாள் என்பதைத் தவிர வேறு மரியாதை கிடையாது. சம்பள நாள் என்பது ஊருக்கெல்லாம் ஒன்று என்று நினைப்பதே தப்பு. மாதச் சம்பளக்காரர்களிலேயே தனியாரில் 7ஆம் தேதி வரை இழுக்கலாம். 1936ஆம் வருஷத்து ஊதியப் பட்டுவாடாச் சட்டம் ஆயிரம் பேருக்குக் குறைவான இடங்களுக்கு 7ஆம் தேதி, பெரிய இடங்களுக்கு 10ஆம் தேதி என்று கெடு வைத்திருந்தது. 2019ஆம் வருஷத்து ஊதியத் தொகுப்புச் சட்டம் மாதச் சம்பளம் எல்லோருக்கும் 7 என்று வைத்தது, வாரச் சம்பளத்துக்கு வார விடுமுறைக்கு முந்தைய வேலை நாள். எங்கள் கடையிலேயே ஊழியர்களுக்குச் சம்பளம் 7ஆம் தேதிதான். 'சம்பள நாள் கொண்டாட்டம்' என்று முதுகில் எழுதிய டீ ஷர்ட் போட்டுக்கொண்டு 28ஆம் தேதி பில் போடுகிற அக்காவுக்குச் சம்பளம் வரும்போது கொண்டாட்டம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருக்கும்!

அம்மா சொன்னதை நோட்டீஸின் எண்களில் போட்டுப் பார்த்தேன். வாரம் 550 ரூபாய்க்கு மளிகை வாங்குகிற வீடு. நாலு வாரத்துக்கு 2200. ஒரு பில் கூட 1499ஐத் தொடாது, 9 ரூபாய்ச் சர்க்கரை கிடையாது. பருப்பு வாரம் அரைக் கிலோ, அதில் சலுகை நாட்களுக்குள் விழுகிற ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் 10 ரூபாய் குறையும். இதே 2200க்கு 30ஆம் தேதி ஒரே பில் போடுகிறவருக்கு 45 ரூபாய்ச் சர்க்கரையில் 36, இரண்டு கிலோ பருப்பில் 40, மொத்தம் 76 மிச்சம். ஒரே கடை, ஒரே பொருள், ஒரே தொகை. ஒருவருக்கு 76, இன்னொருவருக்கு 10.

அமெரிக்காவில் ஜஸ்டின் ஹேஸ்டிங்ஸ், எபோன்யா வாஷிங்டன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் நெவாடா மாநிலத்துச் சூப்பர் மார்க்கெட் பில்களை வைத்து 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அங்கே அரசு உணவு உதவி மாத ஆரம்பத்தில் வரும். அது வந்தவுடன் அந்தக் குடும்பங்கள் நிறைய வாங்கி, போகப் போகக் குறைக்கிறார்கள். கடைகளோ அந்த முதல் வாரத்தில் விலையைக் கொஞ்சம் ஏற்றியே வைத்திருந்தன. தள்ளுபடி இல்லை, ஏற்றம்! காசு வந்த கை பேரம் பார்க்காது என்பது கடைக்குத் தெரியும். அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு நம் ஊர் நோட்டீஸில் பருப்பும் சர்க்கரையும் குறைந்திருக்கும் வாரத்தில் புளி, மிளகாய், கடலை எண்ணெய் என்ன விலை என்று அட்டையைப் பார்க்கும் வழக்கம் எனக்கு வந்துவிட்டது. பாக்கெட் பொருளில் அச்சிட்ட விலைக்கு மேல் போக முடியாது. ஆனால் வழக்கமாக அந்த விலைக்குக் கீழே விற்றதை அந்த வாரம் மட்டும் முழு விலைக்கு விற்கலாம். சில பொருட்களில் அப்படியும் நடக்கிறது.

மேனேஜர் அண்ணனிடம் சனிக்கிழமைக் கணக்கைக் காட்டினேன். அவர் அப்பாவும் நிட்டிங் கம்பெனிதான், மறுபடி விளக்க வேண்டியிருக்கவில்லை. "நாலு பில்லையும் கூட்டி 1499 வந்தா சர்க்கரை குடுத்துட்டாப் போச்சு" என்றார். சொல்வது சுலபம். பில் போடும் சாப்ட்வேர் ஒரு பில்லைத்தான் பார்க்கும், நாலு சனிக்கிழமையைக் கூட்டாது. கடைசியில் விசிட்டிங் கார்டு அளவில் ஒரு அட்டை அடித்தோம். சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மேல் 350 ரூபாய்க்கு வாங்கினால் ஒரு முத்திரை, நாலு முத்திரைக்கு ஒரு கிலோ சர்க்கரை 9 ரூபாய். நாலுக்கு 1400தான் வருகிறதே என்று அண்ணன் யோசித்தார். வாரச் சம்பளக்காரர் நாலு தடவை கடைக்குள் வருகிறார், ஒவ்வொரு தடவையும் பிஸ்கட் ரேக்கைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வாசகம் எழுதும் பொறுப்பு எனக்கு. "உங்கள் சம்பள நாள் எங்களுக்கும் தெரியும்" என்று முதலில் எழுதினேன். போலீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்று பில் போடும் அக்கா அடித்துவிட்டார். பிறகு "சனிக்கிழமைச் சம்பளத்துக்கும் சர்க்கரை 9 ரூபாய்" என்று வைத்தோம். கீழே 'ஸ்டாக் உள்ளவரை' என்று மட்டும் போட்டுத் தப்பித்துக்கொள்ளாமல், ஒரு அட்டைக்கு ஒரு கிலோ என்றும், அட்டை எந்தத் தேதி வரை செல்லும் என்றும் சேர்த்தோம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022ஆம் வருஷத்து விளம்பர வழிகாட்டுதல்படி, சொன்ன விலைக்குச் சரக்கு தர நியாயமான வாய்ப்பு இல்லாமல் ஆளைக் கூப்பிடக் கூடாது. அதை நான் பரீட்சைக்குப் படித்தது இங்கேதான் முதல் தடவை உதவியது.

இரண்டு மாதம் ஓடியது. எத்தனை அட்டை நிறைந்தது என்பது கடைக் கணக்கு, சொல்லக் கூடாது. அட்டையைத் தொலைத்தவர்கள் நிறைய. ஷிப்ட் நீண்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்து மூடிய ஷட்டரைப் பார்த்துத் திரும்பியவர்களும் உண்டு, சீசன் நேரத்தில் சனிக்கிழமை ஓவர்டைம் இருக்கும் என்பதை யோசித்து ஞாயிறு மதியம் வரை நீட்டியிருக்க வேண்டும். மூன்றாவது மாதம் தலைமை அலுவலகம், எல்லா ஊரிலும் ஒரே சலுகைதான் இருக்க வேண்டும் என்று அட்டையை நிறுத்தச் சொல்லிவிட்டது. காரணம் கேட்டு அண்ணன் அனுப்பிய மெயிலுக்கு இன்னும் பதில் இல்லை.

போன வாரம் அடுத்த வருஷத்துக்கான தேதிப் பட்டியல் வந்தது. பன்னிரண்டு மாதமும் 28 முதல் 5 வரை. காலண்டரை வைத்துக்கொண்டு பார்த்தேன். 2027 பிப்ரவரி 28 ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 5 வெள்ளிக்கிழமை. அந்தக் கொண்டாட்டத்தில் சனிக்கிழமையே கிடையாது. ஒரு நாள் முன்னால், 27ஆம் தேதி ஆரம்பித்தால் போதும் என்று பட்டியலின் ஓரத்தில் எழுதி, அண்ணன் மேசையில் வைத்திருக்கிறேன்.